நாற்காலிக்கு முன்னால் எட்டு தடவை

கூடத்தில் டிவிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அத்தை நின்றிருந்தார். வயது 58. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது என்று போனவரிடம், தொடைத் தசைக்குப் பலம் சேர்க்கும் எளிய பயிற்சிகளைத் தொடங்கச் சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர். பயிற்சியாளரான ஒரு நண்பரும் நானும் சேர்ந்து, உடற்பயிற்சியே செய்து பழகாதவர்களுக்காக ஒரு வீடியோ தயாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. செய்துகாட்டியது நண்பர், வசனம் என்னுடையது. வெளியே விடுவதற்கு முன்பு அத்தைக்குப் போட்டுக் காட்டினோம்.

"முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கால்கள் பாத விரல்களின் திசையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, மூச்சை உள்ளிழுத்தபடி மெதுவாக அமரவும்" என்று திரையிலிருந்து குரல் வந்தது. அத்தை பாதியிலேயே என் பக்கம் திரும்பினார். "இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு தடவ உக்காந்து எந்திரிச்சிட்டேன்ப்பா. இப்ப நான் எத்தனையாவதுல இருக்கேன்?"

அன்று ராத்திரியே அந்த வசனத்தை முழுக்கத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். வசனத்தில் பிழை என்று எதுவும் கிடையாது. அதில் சொன்ன ஒவ்வொன்றும் சரிதான். ஆனால் உடம்பு அசைந்துகொண்டிருக்கும் ஒருவரின் காதுக்கு எவ்வளவு நுழையும், எப்போது நுழையும் என்ற கணக்கு அதில் இல்லை. தொடக்கக்காரர்களுக்கான பயிற்சி வீடியோவில் மற்ற எல்லாம் அந்தக் கணக்குக்குப் பிறகுதான்.

கணக்கை விநாடியிலிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டவை மூன்றே பயிற்சிகள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. ஒவ்வொன்றிலும் 8 தடவை ஒரு சுற்று, இரண்டு சுற்று. நாற்காலிப் பயிற்சியில் இறங்க 2 விநாடி, எழ 1 விநாடி, நின்று நிதானிக்க 1 விநாடி. ஆக ஒரு தடவைக்கு 4 விநாடி, ஒரு சுற்றுக்கு 32 விநாடி. சுற்றுக்குப் பிறகு 45 விநாடி ஓய்வு. உடம்பை நிலைப்படுத்தும் நேரத்தையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 80 விநாடி என்று வைத்தால், ஆறு சுற்றுக்கு 8 நிமிடம். மூன்று பயிற்சிகளுக்கும் முன்விளக்கம் 2 நிமிடம், தொடக்கத்தில் உடம்பைச் சூடாக்க 2 நிமிடம், கடைசியில் ஆற்றிக்கொள்ள 2 நிமிடம். மொத்தம் 14 நிமிட வீடியோ.

இந்த 14 நிமிடத்தில் உடம்பு உண்மையாகவே உழைப்பது ஆறு தடவை 32 விநாடி, அதாவது 3 நிமிடம் 12 விநாடி மட்டும். பழக்கமில்லாத உடம்புக்கு முதல் வாரத்தில் அது போதும். அதே நேரம் அந்த 3 நிமிடம் 12 விநாடியில்தான் தடுமாற்றமும் நடக்கிறது. ஆகவே அங்கே வரும் ஒவ்வொரு சொல்லும் எண்ணி வைத்ததாக இருக்க வேண்டும். நான் முதலில் எழுதிய ஒரே வாக்கியத்தைச் சொல்லி முடிக்கப் பத்து விநாடிக்கு மேல் ஆகிறது. அத்தை இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எண்ணிக்கையில் நமக்குத் தமிழே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. பேச்சில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு என்று சொல்லிப் பாருங்கள். எட்டும் இரண்டிரண்டு அசையில் முடிகின்றன. ஒரே தாளத்தில் விழுவதால் கேட்பவரின் உடம்பு அந்தத் தாளத்தை இரண்டாவது, மூன்றாவது எண்ணிலேயே பிடித்துக்கொள்கிறது. ஒம்பதில் ஓர் அசை கூடுகிறது, அதைச் சமாளித்துவிடலாம். பத்தைத் தாண்டியதும் பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு என்று சொல் நீண்டுகொண்டே போகிறது. எண்ணுகிறவர் அதை அவசரமாக விழுங்குவார், அல்லது தாளத்தை விடுவார். இரண்டில் எது நடந்தாலும், களைத்துப்போன நேரத்தில் பார்ப்பவரின் வேகம் மாறிவிடும். அதனால்தான் தொடக்கக்காரர்களின் சுற்றை எட்டிலோ பத்திலோ நிறுத்திவிடுவது நல்லது என்கிறேன். 15 தடவை செய்ய வைக்க வேண்டுமென்றால் அதை எட்டு, ஏழு என்று இரண்டாகப் பிரித்து மறுபடி ஒண்ணிலிருந்து எண்ணலாம்.

எண்ணை எந்த இடத்தில் சொல்வது என்பது இன்னும் முக்கியம். முதல் வீடியோவில் நண்பர் உட்காரத் தொடங்கும்போதே "மூணு" என்றார். பார்ப்பவர் எப்போதும் அரை விநாடி, ஒரு விநாடி பின்தங்கித்தான் இருப்பார். காதில் விழ வேண்டும், புரிய வேண்டும், பிறகு உடம்பு அசைய வேண்டும். தொடக்கத்தில் எண்ணினால், அவர் இரண்டாவதை முடிக்காத நிலையில் மூன்று வந்துவிடும். அவர் ஒன்றைத் தவறவிட்டதாக நினைத்து அவசரப்படுவார், அல்லது எண்ணிக்கையையே விட்டுவிடுவார். இரண்டாவது வரைவில் எண்ணை முடிவுக்கு மாற்றினோம். எழுந்து நேராக நின்ற பிறகுதான் "மூணு". நின்றபடி நிதானிக்கும் அந்த ஒரு விநாடியில், பின்தங்கியவர் வந்து சேர்ந்துகொள்கிறார். அந்த ஒரு விநாடியை எடிட்டிங்கில் வெட்டச் சொல்லி யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பார்ப்பவரையும் சேர்ந்து எண்ணச் சொல்வது நல்ல பழக்கம். வாய்விட்டு எண்ணுகிறவரால் மூச்சை அடக்கிக்கொள்ள முடியாது. புதிதாகச் செய்பவர்கள் எழும்போது பல்லைக் கடித்து மூச்சைப் பிடிப்பார்கள். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். "மூச்சைப் பிடிக்காதீங்க" என்று பத்து தடவை எச்சரிப்பதைவிட "என்னோட சேந்து சத்தமா எண்ணுங்க" என்று ஒரு தடவை சொல்வது கூடுதல் பலன் தரும்.

அடுத்தது உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லும் குறிப்புகள். என் முதல் வாக்கியத்தில் நான்கு குறிப்புகள் இருந்தன. அசைந்துகொண்டிருப்பவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கவனிக்க முடியும். ஆகவே ஒரு தடவைக்கு ஒரு குறிப்பு, சில தடவைகளுக்கு எதுவுமே வேண்டாம், எண் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

குறிப்பின் சொற்களையும் மாற்ற வேண்டியிருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த காப்ரியேல வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. பனிச்சறுக்கு போலப் பக்கவாட்டில் ஓடும் ஒரு கருவியின் மேல் நின்று பழகுகிறவர்களில் ஒரு சாராரிடம் தங்கள் பாதத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரிடம் பாதத்துக்குக் கீழே கருவியில் இருக்கும் சக்கரங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே சில அங்குலம்தான் தூரம். ஆனாலும் சக்கரத்தைக் கவனித்தவர்கள்தான் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். உடம்பின் பாகத்தைப் பற்றி நினைக்கும்போது அசைவு இறுகிப்போகிறது. உடம்பு வெளியே எதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கும்போது அசைவு தானாகச் சீர்படுகிறது. பிறகு வேறு பல விளையாட்டுகளிலும் பயிற்சிகளிலும் இதைச் சோதித்துப் பார்த்து, பெரும்பாலும் இதே முடிவைக் கண்டிருக்கிறார்கள்.

வசனத்தில் இதைப் பயன்படுத்துவது சுலபம். "இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள்" என்று எழுதியிருந்த இடத்தில் "பின்னாடி நாற்காலியைத் தேடுங்க" என்று எழுதினேன். நாற்காலியைத் தேடுகிறவரின் இடுப்பு தானாகப் பின்னே போகிறது. "தொடையை இறுக்கி எழுங்கள்" என்பது "குதிகாலால தரையை அழுத்துங்க" ஆயிற்று. பேச்சுத் தமிழுக்கு மாறியதும் பாதி பாரம் குறைந்துவிட்டது. "அமரவும்", "நீட்டவும்" என்பதெல்லாம் விண்ணப்பப் படிவத்தில் இருக்க வேண்டியவை. கூடத்தில் நிற்கும் அத்தைக்கு "உக்காருங்க" என்றால்தான் உடம்பு கேட்கிறது.

மாற்றி எழுதிய முதல் சுற்றை அப்படியே தருகிறேன். நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கிறது. டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்பதால் இதைப் பயிற்சி தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறோம். பயிற்சியாளர் பக்கவாட்டில் தெரிகிறார். நேர் எதிரே நின்று காட்டினால் இடுப்பு எவ்வளவு பின்னே போகிறது என்பது தெரியாது.

"நாற்காலி நுனிக்கு வாங்க. கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு. கையை முன்னாடி நீட்டிக்கங்க. தரையை அழுத்தி எந்திரிங்க… ஒண்ணு."

"பின்னாடி நாற்காலியைத் தேடுங்க… தொட்டதும் எந்திரிங்க… ரெண்டு."

"குதிகாலால தரையை அழுத்துங்க… மூணு."

"நாலு."

"ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒரு தலையணை இருக்கு, அதை நசுக்காதீங்க… அஞ்சு."

"என்னோட சேந்து சத்தமா… ஆறு."

"இன்னும் ரெண்டுதான். இதுதான் கஷ்டமான இடம்… ஏழு."

"கடைசி. இறங்கறப்ப மெதுவா… எட்டு. உக்காந்துக்கங்க."

குறிப்பு வருவது இறங்கும் 2 விநாடியில், எண் வருவது நின்ற பிறகு. நான்காவதில் குறிப்பே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதுவரை கேட்ட இரண்டையும் உடம்பு செய்துபார்க்க அந்த மௌனம் வேண்டும். ஐந்தாவதில் வரும் தலையணைக்கும் காரணம் உண்டு. களைப்பு தொடங்கும் அந்த இடத்தில்தான் பலருக்கு முழங்கால்கள் உள்பக்கமாகச் சாயும். தவறு நடக்கப்போகும் இடத்துக்கு ஒரு தடவை முன்னதாகக் குறிப்பைச் சொல்லிவிட வேண்டும். நடந்த பிறகு சொன்னால் அடுத்த தடவைக்குத்தான் அது உதவும்.

முழங்கால் பாத விரலைத் தாண்டவே கூடாது என்று பலர் பயமுறுத்தக் கேட்டிருப்பீர்கள். கால் நீளமானவர்களுக்கு முழங்கால் கொஞ்சம் முன்னே போவது இயல்பு, அதில் தவறில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு: குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா, முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றனவா. முதலாவதைப் பார்ப்பவரே சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. உட்காரும்போது கால் கட்டைவிரல்களை லேசாகத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். தூக்க முடிந்தால் எடை குதிகாலில் இருக்கிறது என்று பொருள். பொத்தென்று விழுந்து உட்காருகிறவருக்கு அந்த நாற்காலி தாழ்வு. ஒரு கெட்டியான தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள்ளச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். அத்தைக்கு முதல் வாரம் தலையணை வேண்டியிருந்தது, மூன்றாம் வாரம் எடுத்துவிட்டார்.

மற்ற இரண்டு பயிற்சிகளில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. சுவரில் கை ஊன்றித் தள்ளும்போது பார்ப்பவரின் முகம் சுவரைப் பார்த்து இருக்கிறது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும்போது கண்ணுக்குத் தெரிவது மின்விசிறிதான். ஆக மூன்றில் இரண்டு பயிற்சிகளில் அவர் திரையையே பார்ப்பதில்லை. எட்டிப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் கழுத்து சுளுக்கும். எவ்வளவு அழகாகப் படம் பிடித்திருந்தாலும் அந்த நேரத்தில் அது பயன்படாது. குரல்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

குரலால் மட்டும் ஒரு நாட்டையே அசைய வைக்க முடியும் என்பதை ஜப்பான்காரர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். 1928-இல் அங்கே வானொலியில் தொடங்கிய உடற்பயிற்சி, 'ராஜியோ தைசோ' என்ற பெயரில் இன்றும் ஒலிக்கிறது. இப்போது புழக்கத்தில் இருக்கும் முதல் வரிசைப் பயிற்சி 1951-இலிருந்து வருவது. ஏறத்தாழ மூன்று நிமிடம். பியானோ இசை, அதன்மேல் அடுத்த அசைவைச் சொல்லும் ஒரு குரல், எட்டு வரை போகும் எண்ணிக்கை, அவ்வளவுதான். அசைவு மாறுவதற்குச் சற்று முன்பே குரல் அறிவித்துவிடுகிறது. வீடியோவுக்கு வசனம் எழுதுகிறவர்கள் தாங்கள் வானொலிக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்வது நல்லது. பிறகு சேரும் படம் கூடுதல் உதவி.

சுவர்ப் பயிற்சிக்கு எழுதியது இது: "சுவரைப் பாத்து நில்லுங்க. கையை நெஞ்சு உயரத்துல சுவர்ல வைங்க. ஒரு அடி பின்னாடி போங்க. உடம்பு முழுசும் ஒரு பலகை மாதிரி. மூக்கு சுவர்கிட்ட போகட்டும்… சுவரைத் தள்ளுங்க… ஒண்ணு." இங்கே வரும் பொதுவான தவறு, இடுப்பு மட்டும் முன்னால் தொங்குவது. பலகை என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் நிமிர்ந்துவிடுகிறார்கள். படுத்துச் செய்யும் பயிற்சியில் "குதிகாலால தரையை அழுத்தி, இடுப்பைக் கூரைப் பக்கம் கொண்டுபோங்க" என்றோம். தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் பாதம் தூரத்தில் இருக்கிறது என்று பொருள், கொஞ்சம் கிட்டே கொண்டுவரச் சொல்ல வேண்டும். கீழ்முதுகில் பிடித்தால் தேவைக்குமேல் தூக்குகிறார்கள், உயரத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். இவை இரண்டையும் முதல் சுற்று முடிந்த ஓய்வில் சொல்கிறோம், பயிற்சியின் நடுவில் இல்லை.

இடது வலதும் இப்படித்தான். சூடாக்கும் பயிற்சியில் கையை மாற்றி மாற்றித் தூக்கும்போது, கேமராவைப் பார்த்து நிற்கும் பயிற்சியாளர் தன் வலது கையைத் தூக்கினால் பார்ப்பவருக்கு அது இடப்பக்கம் தெரியும். "வலது கை" என்று சொல்லிவிட்டுத் தன் இடது கையைத் தூக்க வேண்டும், கண்ணாடி போல. நண்பருக்கு இது பழக நான்கு ஒத்திகை ஆயிற்று.

ஓய்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். முதல் வீடியோவில் எடிட் செய்தவர் ஓய்வு நேரத்தையெல்லாம் வெட்டிவிட்டு "45 விநாடி ஓய்வு எடுங்கள்" என்று ஓர் அட்டை போட்டிருந்தார். வீடியோ நீளம் குறைந்தது. ஆனால் அத்தை ரிமோட்டைத் தேடுவதற்குள் இரண்டாவது சுற்று ஓடத் தொடங்கிவிட்டது. ஓய்வு திரையில் முழுதாக ஓட வேண்டும். தசைக்குள் உடனடி வேலைக்கென்று ஒரு சிறு எரிபொருள் இருப்பு உண்டு. கடினமான சில விநாடிகளில் அது தீரும். ஏறத்தாழ அரை நிமிடத்தில் பாதி மீளும், பெரும்பகுதி மீளச் சில நிமிடம் ஆகும். பெரிய எடை தூக்குகிறவர்கள் சுற்றுக்கு நடுவே மூன்று நிமிடமும் அதற்கு மேலும் உட்கார்ந்திருப்பது இதனால்தான். நம் பயிற்சி லேசானது என்பதால் 45 விநாடி பெரும்பாலானவர்களுக்குப் போதும், போதாதவர்களும் இருப்பார்கள்.

அந்த 45 விநாடியை மூன்றாகப் பிரித்தோம். முதல் 15 விநாடி பேச்சே இல்லை. "உக்காந்து மூச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு நண்பரும் உண்மையாகவே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். இரண்டாவது 15 விநாடியில் ஒரு சோதனை: "உங்க பேரு, தெரு, ஊரு மூணையும் ஒரே மூச்சுல சொல்லிப் பாருங்க. வந்துச்சுன்னா அடுத்த சுத்துக்குத் தயார். வரலன்னா வீடியோவை நிறுத்திட்டு இன்னும் கொஞ்சம் உக்காருங்க." தடங்கலில்லாமல் பேச முடிகிறதா என்று பார்ப்பது மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் உழைப்பின் அளவை அறியப் பயன்படுத்தும் முறை. கருவி எதுவும் தேவையில்லை. கடைசி 15 விநாடியில் அடுத்த சுற்றுக்கு உடம்பை நிலைப்படுத்தச் சொல்கிறோம். ஓய்வின் கணக்கைக் குரலால் சொல்வதில்லை, திரையின் மூலையில் கடிகாரம் மட்டும் ஓடும். குரலில் வரும் எண் என்றால் அது அசைவுக்கான எண் என்று காது பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கலைக்க வேண்டாம் என்று இந்த ஏற்பாடு.

தைரியம் சொல்லும் வரிகளை எழுதத்தான் நான் அதிகம் சிரமப்பட்டேன். முதல் வரைவில் "சூப்பர்!", "செம!", "அருமையா செய்றீங்க!" என்று வரிக்கு வரி போட்டிருந்தேன். மூன்றாவது "அருமை"யில் அத்தை கேட்டார்: "நான் செய்யறது அவருக்கு எப்படிப்பா தெரியும்?" பதில் இல்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னால், அதற்குப் பிறகு அந்தக் குரல் சொல்லும் எதையும் நம்பத் தோன்றாது. ஆகவே பயிற்சியாளருக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்வது என்று வைத்தோம். ஏழாவது தடவை எல்லோருக்கும் கடினம், அது அவருக்குத் தெரியும். அதனால் "இதுதான் கஷ்டமான இடம்" என்கிறார். தொடை நடுங்குகிறவர், தனக்கு மட்டும்தான் இப்படியோ என்று பயப்படாமல் இருக்க அந்த ஒரு வரி போதும். சிலர் நடுவில் நின்றிருப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். "நிறுத்திட்டீங்களா? பரவால்ல, அடுத்த எண்ணுல சேந்துக்கங்க" என்ற வரியை இரண்டாவது சுற்றின் ஐந்தாவது தடவையில் வைத்தோம். பாதியில் விட்டவர் வீடியோவை மூடாமல் திரும்பி வரக் கதவைத் திறந்துவைப்பது அந்த வரிதான்.

"இது ரொம்ப ஈஸி" என்ற சொல்லை முழுவதும் எடுத்துவிட்டோம். பயிற்சியாளருக்கு ஈஸியாக இருப்பது, எழ முடியாமல் தவிப்பவரின் காதில் அவமானமாக விழுகிறது. "ஒரே வாரத்துல தொப்பை குறையும்" என்பதும் கூடாது. 14 நிமிடப் பயிற்சிக்கு அப்படியொரு சக்தி கிடையாது. அதை நம்பி வந்தவர் எட்டாவது நாள் ஏமாந்து போவார்.

"வலிச்சாத்தான் பலன்" என்பதை நான் ஆபத்தானது என்றே சொல்வேன். தொடையில் சூடு பரவுவதும் தசை நடுங்குவதும் உழைப்பின் அறிகுறிகள். மூட்டுக்குள் சுருக்கென்று குத்துவது வேறு, அப்போது நிறுத்த வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும், குறையவில்லையென்றால் உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். இதய நோய் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இவற்றைப் பொடி எழுத்தில் ஓடவிடாமல், முதல் நிமிடத்திலேயே பயிற்சியாளர் நிதானமாகத் தன் வாயால் சொல்கிறார்.

கடைசி இரண்டு நிமிடத்தில், மூச்சு தணிந்துகொண்டிருக்கும்போது, மறுநாளைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகத் தொடங்கியவருக்கு அடுத்த ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் தசை வலி உச்சத்தில் இருக்கும். மாடிப்படி இறங்கும்போது நன்றாகத் தெரியும். முன்பே சொல்லாவிட்டால் உடம்பு கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். "நாளைக்குத் தொடை வலிக்கலாம். ரெண்டு மூணு நாள்ல போயிடும். நாளைக்கு இந்தப் பயிற்சி வேண்டாம், நாளன்னைக்கு வாங்க" என்று முடிக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 2 நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் வாரத்துக்கு மூன்று தடவை ஆகிவிடும்.

உங்கள் தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ சொந்தக்காரர்களுக்காகவோ இப்படியொரு வீடியோ எடுக்கும் எண்ணம் இருந்தால், வசனத்தை எழுதி முடித்த கையோடு கேமராவைத் தேடாதீர்கள். முதலில் நீங்களே அந்தப் பயிற்சியைச் செய்துகொண்டு வசனத்தைச் சத்தமாகப் படியுங்கள். மூச்சு வாங்கி எந்த வரி திக்குகிறதோ அதை வெட்டுங்கள். பிறகு குரலை மட்டும் செல்போனில் பதிவு செய்து, உடற்பயிற்சி செய்தே பழகாத ஒருவரை நாற்காலியோடு கூப்பிடுங்கள். திரையைக் காட்ட வேண்டாம், குரலை மட்டும் ஓடவிடுங்கள். அவர் எந்த இடத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.